அனுப்பிய பணம் ஏன் திரும்பி வருகிறது: மஞ்சள் விவசாயிகளுக்கு எங்கள் மண்டியிலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய விவசாயப் பெருமக்களுக்கு வணக்கம்.

ஈரோட்டில் எங்கள் மண்டியில் தாங்கள் இறக்கும் மஞ்சளுக்கான தொகையை நெஃப்ட் மூலம் தங்கள் வங்கிக் கணக்குக்கே அனுப்பி வருகிறோம். சென்ற பருவத்தில் ஒரு குடும்பத்துக்கு அப்படி அனுப்பிய பணம் திரும்பி வந்து, எங்களுக்கும் அவர்களுக்கும் இடையே மனக்கசப்பு உண்டாயிற்று. அது மறுபடி நேரக் கூடாது என்பதற்காகவே இந்த மடல்.

அந்த விவசாயி 14 மூட்டை மஞ்சளைக் கிடங்கில் வைத்துவிட்டு, விலை வந்ததும் விற்கச் சொல்லியிருந்தார். இடையில் அவர் காலமானது எங்களுக்குத் தெரியவில்லை. மஞ்சளை விற்று, ரூ.1,12,400-ஐ ஒரு நாள் காலை 11 மணிக்கு அவர் கணக்குக்கு அனுப்பி, யூடிஆர் எண்ணை அவரது கைபேசிக்குத் தெரிவித்தோம். அந்தச் செய்தியைப் பார்த்த மகன் வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்திருக்கிறார், வரவு இல்லை. "அனுப்பியாச்சுன்னு நம்பர் குடுத்திருக்கீங்க, பணம் எங்கே?" என்று அவர் மண்டிக்கு வந்து கேட்டது நியாயமான கேள்வியே. பணம் அன்று பிற்பகலே, கணக்குதாரர் இறந்துவிட்டார் என்ற குறிப்போடு எங்கள் நடப்புக் கணக்குக்குத் திரும்பியிருந்தது. நான்கு நாள் அதை நாங்கள் கவனிக்கவில்லை. அது முழுக்க எங்கள் தவறு.

யூடிஆர் எண் என்பது பணம் எங்களிடமிருந்து புறப்பட்டதற்கான அடையாளமே தவிர, தங்கள் கணக்கில் சேர்ந்ததற்கான அத்தாட்சி அன்று. நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகச் செல்கிறது. பெறும் வங்கியால் வரவு வைக்க முடியாவிட்டால், அந்தத் தொகுப்பு முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் அது பணத்தைத் திருப்பிவிட வேண்டும்.

கணக்குதாரர் இறந்த செய்தி எட்டும் வரை வங்கி வழக்கம்போல் வரவு வைக்கும். எட்டிய பிறகு, அந்தக் கணக்கில் இருக்கும் தொகையை நாமினிக்கோ வாரிசுக்கோ கொடுத்துக் கணக்கை முடிப்பதே அதன் வேலை. புதிதாக வரும் பணத்துக்கு, இறந்தவரின் சொத்துக் கணக்கு என்று தனியே ஒன்று தொடங்கி, எடுக்க அனுமதியில்லாமல் அதில் சேர்க்கலாம். அல்லது அனுப்பியவருக்கே திருப்பிவிடலாம். இந்த இரண்டில் எது என்பதை நாமினியிடம் அல்லது உயிரோடிருக்கும் கூட்டுக் கணக்குதாரரிடம் ஒப்புதல் பெற்றுச் செய்யும்படி ரிசர்வ் வங்கி 2005-ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. அந்தக் குடும்பத்தார் வங்கியில் கையெழுத்திட்ட படிவங்களில் திருப்பியனுப்பும் ஒப்புதலும் இருந்திருக்கிறது. அவர்களுக்கு அது நினைவில்லை.

திரும்பி வந்த பணத்தை நாமினி என்ற முறையில் தாயாரிடம் உடனே கொடுக்குமாறு மகன் கேட்டார். வங்கியில் போட்ட நாமினேஷன் வங்கியில் உள்ள பணத்துக்கு மட்டுமே செல்லும். எங்களிடம் திரும்பிய தொகை, இறந்தவருக்கு நாங்கள் கொடுக்க வேண்டிய கடன். அது வாரிசுகள் எல்லாருக்கும் உரியது. ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பிறகு மணமாகிப் போன மகள் வந்து கேட்டால் நாங்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் கடிதம் ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு தாயாரின் கணக்குக்கு அனுப்பினோம். துக்க வீட்டாரை அலைய வைத்ததில் எங்களுக்கு வருத்தமே.

கணக்குதாரர் நலமாக இருந்தும் பணம் நிற்பது வேறு வகை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தாங்களாக எந்த வரவு செலவும் செய்யாத கணக்கை வங்கி செயலற்றதாகக் குறித்துவிடும். வங்கி தானாகப் போடும் வட்டியை அப்படிப்பட்ட வரவாக எடுத்துக்கொள்வதில்லை. பயிர்க்கடனுக்காகத் தொடங்கிப் பிறகு தொடாமல் விட்ட கணக்குகளே பெரும்பாலும் இப்படி ஆகின்றன. இதில் பணம் திரும்பி வருவதும் உண்டு, உள்ளே சேர்ந்து எடுக்க முடியாமல் நிற்பதும் உண்டு. அதனால் நாங்கள் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பதால் தெளிவு கிடைக்காது. தாங்களே நூறு ரூபாய் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கணக்கு நின்றிருந்தால், ஆதார் போன்ற கேஒய்சி ஆவணங்களுடன் அந்த வங்கியின் எந்தக் கிளையிலும் விண்ணப்பிக்கலாம். இதற்குக் கட்டணம் கிடையாது; ஆவணங்கள் சரியாக இருந்தால் மூன்று வேலை நாளில் முடித்துத் தர வேண்டும் என்பது விதி.

இனி ஒவ்வொரு நாள் மாலையும் திரும்பிய தொகைகளைப் பார்த்து, அன்றே தொலைபேசியில் தெரிவிப்போம். கிடங்கில் மூட்டை வைத்திருப்பவர்கள், வீட்டார் ஒருவரின் கைபேசி எண்ணையும், இயன்றால் மனைவி அல்லது கணவருடன் சேர்ந்து, இருவரில் எவரும் இயக்கலாம் என்ற முறையில் வைத்துள்ள கூட்டுக் கணக்கின் எண்ணையும் எங்களிடம் பதிந்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அத்தகைய கணக்கில் ஒருவர் மறைந்தாலும் மற்றவர் அதைத் தொடர முடியும்.

இப்படிக்கு,
மண்டி நிர்வாகத்தார்