ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு: இயக்க விதிகளை வண்டியும் பந்தும் கொண்டு கற்பிப்பது குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

சென்ற பெற்றோர் கூட்டத்தின் முடிவில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவரின் தந்தை தம் மகளின் அறிவியல் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினார். மூன்று வாரமாக அதில் வினாவும் இல்லை, விடையும் இல்லை, கோணலான சில படங்களும், அடித்துத் திருத்திய எண்களும், "பந்து ஏன் நின்றது?" என்ற ஒரு வரியுமே இருந்தன. "பிள்ளைகள் வகுப்பில் பந்து உருட்டி விளையாடுகிறார்களாமே, பாடம் எப்போது நடக்கும்?" என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமானது. வேறு சிலருக்கும் அதே ஐயம் இருக்கக்கூடும் என்பதால் அனைவருக்கும் எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் முதல் பாடமே இயக்க விதிகள்தான். அந்தப் பாடத்தின் வரையறைகளை எங்கள் மாணவர்கள் ஆண்டுதோறும் பிழையின்றி எழுதிவிடுகிறார்கள். ஆனால் அதே மாணவரிடம், தரையில் உருட்டிவிட்ட பந்து ஏன் நின்றது என்று கேட்டால், பெரும்பாலோர் "நாம் கொடுத்த விசை தீர்ந்துவிட்டது" என்றே சொல்கிறார்கள். வெளியிலிருந்து ஒரு விசை தடுக்காதவரை நகரும் பொருள் அதே வேகத்தில் நேராக நகர்ந்துகொண்டே இருக்கும் என்னும் முதல் விதிக்கு நேர்மாறான விடை இது. நகரும் பொருளுக்குள் விசை சேமிக்கப்பட்டிருக்கிறது, அது செலவாகச் செலவாக வேகம் குறைகிறது என்ற எண்ணம், மிதிவண்டி மிதித்தும் தள்ளுவண்டி தள்ளியும் பழகிய எல்லோருக்கும் இயல்பாக வருவது. அந்த எண்ணம் உள்ளே அப்படியே இருக்க, அதன்மேல் வரையறையை எழுதவைப்பதால் பயனில்லை. எனவே, விதியின் பெயரைச் சொல்வதற்கு முன்பே, ஒன்பதாம் வகுப்பில் இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க வைக்கிறோம்.

முதல் இரண்டு வகுப்புகள் பந்துக்கு உரியவை. மின்கம்பி பதிக்கும் பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பிளந்து சரிவாக வைத்து, 10 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஓர் இரும்புக் குண்டைத் தள்ளாமல் விட்டுவிடுகிறோம். உயரம் மாறாததால் குண்டு தரையை அடையும்போது அதன் வேகமும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒன்றே. கோணிச்சாக்கின்மேல் அது முக்கால் மீட்டருக்குள் நின்றது. சிமென்ட் தரையில் மூன்று மீட்டரைத் தாண்டியது. புதிதாக ஓடு பதித்த தாழ்வாரத்தில் ஏழு மீட்டர் சென்றும் நிற்காமல் சுவரில் மோதியது. "உள்ளே இருந்த விசை ஒரே அளவு என்றால், சாக்கின்மேல் மட்டும் ஏன் சீக்கிரம் தீர்ந்தது?" என்று ஆசிரியை கேட்டதற்கு உடனே யாரும் விடை சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து ஒரு மாணவன், "தீரவில்லை மிஸ், சாக்குதான் பிடித்து நிறுத்துகிறது" என்றான். மூன்று வாரத்தில் நான் கேட்ட மிகச் சரியான வாக்கியம் அதுதான்.

அடுத்து, எதிரெதிரே இரண்டு சரிவுகளை வைத்தோம். ஒன்றில் இறங்கும் குண்டு மற்றொன்றில் ஏறி, விட்ட உயரத்துக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் நின்று திரும்புகிறது. இரண்டாவது சரிவைத் தாழ்த்தினால், அதே உயரத்தை எட்டுவதற்காக அது நெடுந்தூரம் ஓடுகிறது. சரிவே இல்லாமல் தரைமட்டமாக வைத்து, உராய்வும் இல்லாவிட்டால் எங்கே நிற்கும் என்று மாணவர்களே யோசிக்க வேண்டும். கலிலியோ இதே வழியில்தான் சிந்தித்தார். ஸ்டாப்வாட்ச் இல்லாத காலத்தில் அவர் எப்படி நேரம் அளந்தார் என்று ஒரு மாணவி கேட்டாள். பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாக வழிந்த நீரை எடைபோட்டு அளந்தார் என்று சொன்னதும், மறுநாளே இரண்டு பேர் துளையிட்ட பாட்டிலுடன் வந்துவிட்டார்கள்.

நகர்ந்துகொண்டே இருப்பதற்கு விசை தேவையில்லை என்றால், விசை என்னதான் செய்கிறது? இரண்டாவது விதியின் இடம் இது. இதற்கு வண்டி வேண்டும். பழைய ஸ்கேட்டிங் காலணியின் பேரிங் சக்கரங்களைப் பலகைத் துண்டில் பொருத்தி எங்கள் ஆய்வக உதவியாளர் செய்த வண்டியின் எடை 420 கிராம். அதன் முன்புறம் கட்டிய நூல், மேசை விளிம்பில் உள்ள கப்பியின் வழியாகக் கீழே இறங்கி, ஒரு கொக்கியில் எடைக்கற்களைத் தாங்கும். நான்கு 20 கிராம் எடைக்கற்களை எடுத்துக்கொள்கிறோம். முதலில் ஒரு கல் கொக்கியில், மூன்று கற்கள் வண்டியின்மேல். அடுத்து இரண்டும் இரண்டும். கடைசியில் நான்குமே கொக்கியில். கல்லை வண்டியிலிருந்து கொக்கிக்கு மாற்றுகிறோமே தவிர வெளியிலிருந்து சேர்ப்பதில்லை. அதனால் நகரும் மொத்த நிறை எப்போதும் 500 கிராமாகவே இருக்க, இழுக்கும் விசை மட்டும் ஒன்று, இரண்டு, நான்கு மடங்காகிறது. கல்லை வெளியிலிருந்து கூட்டிக்கொண்டே போனால் விசையோடு நிறையும் மாறிவிடும். எது எதனால் ஆனது என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது.

ஓடும் தூரம் 60 சென்டிமீட்டர். மேசையின் உயரம் முக்கால் மீட்டர்தான் என்பதால், அதற்குமேல் வைத்தால் வண்டி முடிவுக் கோட்டைத் தொடுமுன் எடைக்கல் தரையைத் தொட்டுவிடும். பிறகு வண்டியை இழுக்க எதுவும் இருக்காது.

முதல் நாள் சோதனை தோற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கற்களை இரட்டிப்பாக்கியும் நேரம் ஏறக்குறைய மாறவே இல்லை. ஒரு குழு, "விசைக்கும் வேகத்துக்கும் தொடர்பில்லை" என்று எழுதியே விட்டது. ஆசிரியை அதை அடிக்கவில்லை. மேசைமேல் வண்டி ஓடும் பலகையின் மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்தி நூலைப் பார்க்கச் சொன்னார். கப்பி தாழ்வாக இருந்ததால் நூல் மேசையின் மரவிளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் மரத்தில் மெல்லிய பள்ளமே விழுந்திருந்தது. நூல் பலகைக்கு இணையாக இருக்கும்படி கப்பியை உயர்த்திய பிறகுதான் எண்கள் பேச ஆரம்பித்தன.

சக்கரங்களின் உராய்வு இன்னொரு தொல்லை. அதை நீக்க முடியாது, ஈடுகட்டத்தான் முடியும். கொக்கியைக் கழற்றிவிட்டு, பலகையின் பின்முனைக்கு அடியில் அட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகி, வண்டியை விரலால் லேசாகத் தட்டிவிடுகிறோம். பலகையில் அடுத்தடுத்து வரைந்த இரண்டு 30 சென்டிமீட்டர் இடைவெளிகளையும் அது ஒரே நேரத்தில் கடந்தால் சரிவு சரியானது. இரண்டாவது இடைவெளிக்கு அதிக நேரம் பிடித்தால் இன்னும் ஓர் அட்டை வேண்டும். குறைந்த நேரம் பிடித்தால் ஒன்றை உருவ வேண்டும். எங்கள் பலகைக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் உயரம் தேவைப்பட்டது. இந்தப் பொறுமையான வேலைக்கே ஒரு முழுப் பாடவேளை சென்றது. குறிப்பேட்டில் அதற்குரிய பக்கம் வெறுமையாக இருப்பது அதனால்தான்.

பிறகு அளவீடு. கற்களை இரட்டிப்பாக்கினால் நேரம் பாதியாகும் என்று வகுப்பு முழுவதும் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தது. ஒரு குழுவின் ஐந்து முறைச் சராசரி இது: ஒரு கல்லுக்கு 1.79 நொடி, இரண்டு கற்களுக்கு 1.28 நொடி, நான்கு கற்களுக்கு 0.92 நொடி. நான்கு மடங்கு விசைக்குத்தான் நேரம் ஏறக்குறைய பாதியாகிறது. மாணவர்கள் முதலில் ஸ்டாப்வாட்சை அழுத்திய தங்கள் விரலைத்தான் சந்தேகித்தார்கள். ஓய்விலிருந்து புறப்படும் வண்டியின் வேகம் வழிநெடுகக் கூடிக்கொண்டே போவதால், விசையை நேரத்தோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. வேகம் எவ்வளவு விரைவாகக் கூடுகிறது என்பதோடு, அதாவது முடுக்கத்தோடு ஒப்பிட வேண்டும். தூரத்தின் இரு மடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும்.

a = 2s / t²

தூரம் 0.6 மீட்டர் என்று இட்டுக் கணக்கிட்டபோது முடுக்கம் முறையே 0.37, 0.73, 1.42 என்று வந்தது. ஒன்று, இரண்டு, நான்கு மடங்கை ஒட்டியே வருகிறது. விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கியது என்னும் இரண்டாவது விதியை, F = ma என்று கரும்பலகையில் எழுதியது அன்றுதான், அதுவும் வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில்.

கடைசி எண் சற்றுக் குறைவாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கைவிரலால் ஸ்டாப்வாட்சை அழுத்துவதில் நொடியின் பத்தில் ஒன்றிரண்டு பங்கு பிழை எளிதில் நேரும். ஓட்டமே ஒரு நொடிக்குள் முடியும்போது அந்தப் பிழை பெரிதாகத் தெரியும். சில பயிற்சி வகுப்புகளில் கற்ற மாணவர்கள் "சரியான விடை" வரும்படி எண்ணைத் திருத்தி எழுதுகிறார்கள். அப்படித் திருத்திய பக்கத்துக்கு மதிப்பெண் இல்லை. திருத்தாமல், பிழை எங்கிருந்து வந்திருக்கும் என்று ஒரு வரி எழுதிய பக்கத்துக்கு முழு மதிப்பெண் உண்டு.

ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு என்னும் மூன்றாவது விதி வரும் வாரம் நடைபெறும். இரண்டு வண்டிகளுக்கு நடுவே வில்சுருளை அமுக்கி வைத்து விடுவிப்போம். ஒன்றின் நிறை மற்றதைப்போல் இரு மடங்கு. இலேசான வண்டிக்கு 40 சென்டிமீட்டரிலும் கனமான வண்டிக்கு 20 சென்டிமீட்டரிலும் தடுப்புக் கட்டைகள் இருக்கும். இரண்டும் ஒரே சமயத்தில் மோதினால் "டக்" என்று ஒரே ஒலிதான் கேட்கும்; இதற்குக் கடிகாரமே வேண்டாம். கனமான வண்டி மெதுவாகச் செல்வதால் உராய்வு அதைச் சற்றுக் கூடுதலாகத் தாமதப்படுத்தும். இரண்டு ஒலிகள் கேட்டால் கட்டையை ஒரு விரல் அளவு நகர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும். இலேசான வண்டி வேகமாக ஓடியதால் அதன்மேல்தான் அதிக விசை செயல்பட்டது என்று பிள்ளைகள் வீட்டில் வாதிடக்கூடும். தயவுசெய்து உடனே திருத்த வேண்டாம். "நடுவில் இருந்த சுருள் ஒன்றுதானே?" என்று மட்டும் கேளுங்கள்.

வீட்டில் பயன்படாத ஸ்கேட்டிங் சக்கரங்கள், பழைய பேரிங்குகள், ஒரு மீட்டருக்குக் குறையாத வளையாத பலகை ஆகியவை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். எடைக்கற்கள் விழும் இடத்தில் மணல் நிரப்பிய பெட்டி வைத்திருக்கிறோம். ஆயினும் ஆய்வக நாள்களில் பிள்ளைகள் காலணி அணிந்து வருவதை உறுதிசெய்யுங்கள். குறிப்பேட்டை வாரம் ஒருமுறை பார்த்துக் கையொப்பமிடுங்கள். செய்து பார்க்க விரும்பும் பெற்றோர் செவ்வாய்க்கிழமை ஆறாம் பாடவேளையில் ஆய்வகத்துக்கு வரலாம். வண்டி ஒன்று உங்களுக்காகத் தனியே இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்