அக்காவுக்கு ஒரு ஆல்பம்

பிள்ளைகள், அக்கா ஞாயிறு இரவு ரயிலில் கொழும்புக்குப் போகிறார். பையில் இடமில்லை, அதனால் கப், மணிக்கூடு எதுவும் வேண்டாம். 4x6 அங்குலப் படங்கள் வைக்கும் சின்ன ஆல்பம் கொடுப்போம். போஸ் கொடுத்த படங்களை விட, அவர் ரொட்டி தட்டுவது, கோட்டைக்குள் மான்களோடு நிற்பது போன்றவைதான் எனக்குப் பிடிக்கும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும்; டொக்கியூமென்டாக அனுப்புங்கள். 1200x1800 பிக்சல் இருந்தால் தெளிவாக அச்சாகும். மெட் தாளில்தான் எடுக்கப்போகிறேன். பளபளப்புத் தாள் ஈரக்காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், உரித்தால் நிறமும் கழன்றுவிடும்.

அப்புறம், பின்பக்கத்தில் ஆளுக்கொரு வரி எழுதவேண்டும். ஜெல் பேனா வேண்டாம், மை காயாமல் அடுத்த படத்தில் பதிந்துவிடும். மெல்லிய மார்க்கர் கொண்டுவருகிறேன். படங்கள் வியாழன் இரவுக்குள் வேண்டும், சரியா?