பொறுப்பாளர் பெயர் இல்லாத கூட்டக் குறிப்பு: இணக்கக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இணக்கக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நம் நிறுவனத்தின் செயலகப் பிரிவில் பணியாற்றும் ஒருவன் எழுதும் மடல் இது. ஜூன் காலாண்டுக்கான பங்குடைமை விவரம் பங்குச் சந்தைக்குத் தாமதமாகப் போனதும், அதற்கு அபராதம் விதிக்கப்பட்டதும், எங்கள் பிரிவின் இளநிலை ஊழியர் ஒருவரிடம் விளக்கம் கேட்டு மெமோ தரப்பட்டதும் தாங்கள் அறிந்தவையே. அந்த மெமோ எதை ஆதாரமாகக் கொண்டு எழுதப்பட்டது என்பதைப் பற்றியே பேச விரும்புகிறேன். அதில் சுட்டப்பட்டிருந்தது ஜூலை 8ஆம் தேதி நடந்த தங்கள் குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. அந்தக் குறிப்பை எத்தனை முறை படித்தாலும் அந்த ஊழியரின் பெயர் அதில் இல்லை. வேறு எவருடைய பெயரும் இல்லை.

அந்தக் குறிப்பின் அட்டவணையில் உள்ள வரியை அப்படியே தருகிறேன். "பங்குடைமை விவரம், செபி விதி 31. கடைசி நாள்: 21.07.2025. பொறுப்பு: செயலகம் / நிதித் துறை. நிலை: நடவடிக்கையில் உள்ளது." அடுத்த வரியும், அதற்கடுத்த வரியும் இதே போக்கில்தான் இருக்கின்றன. 'பொறுப்பு' என்ற கட்டத்தில் இரண்டு துறைகளுக்கு நடுவே ஒரு சாய்கோடு நிற்கிறது. ஜூலை மாதத் தாமதம் முழுவதும் அந்தச் சாய்கோட்டில்தான் நிகழ்ந்தது என்பதை விளக்க அனுமதி தாருங்கள்.

பங்குடைமை விவரம் வெளியே இருப்பவர்களுக்கு ஒரே ஒரு படிவமாகத் தெரியலாம். காலாண்டு முடிந்த நாளில் யாரிடம் எத்தனை பங்குகள் இருந்தன என்ற தரவு இரண்டு டெபாசிட்டரிகளிடமிருந்தும் வர வேண்டும். பங்குப் பதிவாளர் அதைக் காகிதப் பங்குகளோடு சேர்த்து, பான் எண் வாரியாகத் தொகுத்து எங்களுக்கு அனுப்புவார். மொத்தம் பட்டியலிடப்பட்ட பங்கு மூலதனத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. புரமோட்டர் குடும்பத்தினர் பட்டியல் சரியா, அவர்களுடைய பங்குகளில் அடமானம் ஏதும் உண்டா என்பதை உறுதி செய்து தருவது நிதித் துறையின் வேலை. இவை யாவும் காலாண்டு முடிந்து 21 நாட்களுக்குள் முடிந்து, கோப்பு பங்குச் சந்தையின் தளத்தில் ஏற வேண்டும்.

ஜூன் மாதத்தில் புரமோட்டர் குடும்பத்தின் மூத்தவர் ஒருவர் தம் பங்குகளில் சிறு பகுதியைப் பேரனுக்கு அன்பளிப்பாக மாற்றிக் கொடுத்தார். புரமோட்டர் ஒருவரின் பங்குகளை அன்பளிப்பாகப் பெறுபவர் உடனடியாகப் புரமோட்டராகவே வகைப்படுத்தப்பட வேண்டும் என்று விதி 31அ சொல்கிறது. பதிவாளரிடம் இருந்த குடும்பப் பட்டியலில் பேரனின் பெயர் இல்லாததால், அவர் அனுப்பிய தரவில் அந்தப் பங்குகள் பொதுப் பங்குதாரர் பகுதியில் வந்து சேர்ந்தன. மொத்தம் சரியாகவே இருந்தது. புரமோட்டர் பகுதி மட்டும் முந்தைய காலாண்டை விடக் குறைந்திருந்தது. அந்தக் குறைவைக் கண்டுபிடித்தவர், இன்று மெமோ பெற்றிருக்கும் அதே ஊழியர்தான். முந்தைய காலாண்டின் கோப்பை அருகில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டதால் அது அவர் கண்ணில் பட்டது. அப்படி ஒப்பிடச் சொல்லி எந்தக் குறிப்பிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அவர் அதைக் கண்டது ஜூலை 18, வெள்ளிக்கிழமை மாலை. அன்றே நிதித் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பினார். குடும்பப் பட்டியலைச் செயலகம்தான் வைத்திருக்கிறது என்று பதில் வந்தது. அன்பளிப்பு பற்றிய கடிதமோ ஜூன் மாதமே தலைவர் அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து நிதித் துறைக்குப் போயிருந்தது. செயலகத்துக்கு அதன் நகல் வரவில்லை. சனியும் ஞாயிறும் கழிந்தன. திங்கட்கிழமை, கடைசி நாளன்று, பேரனின் பான் எண்ணை உறுதிப்படுத்தித் தரும்படி யார் அந்தக் குடும்பத்தைக் கேட்பது என்பதே பேச்சாக இருந்தது. இளநிலை ஊழியர் ஒருவர் புரமோட்டர் வீட்டுக்கு நேரடியாகத் தொலைபேசியில் பேச முடியாது என்பது நம் அலுவலகத்தில் அனைவருக்கும் தெரியும். தவறான வகைப்பாட்டோடு கோப்பை ஏற்றிவிட்டுப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. பொய்யான விவரத்தை அறிந்தே அனுப்ப மாட்டேன் என்று அவர் மறுத்தது சரியென்றே நான் கருதுகிறேன். கோப்பு ஏறிய நாள் ஜூலை 25.

நான்கு நாள் தாமதத்துக்கு, நாளொன்றுக்கு 2,000 ரூபாய் வீதம் 8,000 ரூபாய், அதன் மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி, ஆக 9,440 ரூபாய். தொகை சிறியதுதான். ஆனால் இந்தத் தாமதத்தையும் அபராதத்தையும் இயக்குநர் குழுவின் முன் வைக்க வேண்டும்; அவர்கள் சொல்லும் கருத்தைப் பங்குச் சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும்; ஆண்டுச் செயலக இணக்க அறிக்கையிலும் இது இடம்பெற வேண்டும். அந்தக் கருத்து "செயலகப் பிரிவு ஊழியரின் கவனக்குறைவு" என்று எழுதப்பட்டதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வேதனையை அடக்கிக்கொண்டே எழுதுகிறேன். பிழையைக் கண்டுபிடித்தவரின் கணக்கில் அந்தப் பிழையே எழுதப்பட்டுவிட்டது. இணக்க அதிகாரி முழுநேரப் பணியாளராக, இயக்குநர் குழுவுக்கு ஒரு படிக்கு மேல் கீழிறங்காத நிலையில் இருக்க வேண்டும் என்று செபி வற்புறுத்துவது, பொறுப்பு எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை முன்னிட்டே அல்லவா? நம் அலுவலகத்தில் அது அடிப்படிக்கு இறங்கிவிட்டது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே: குழுவின் நடவடிக்கைக் குறிப்பில் ஒவ்வொரு சமர்ப்பிப்புக்கும் எதிரே ஒரே ஒருவரின் பெயரை எழுதுங்கள். துறையின் பெயர் வேண்டாம். இரண்டு பெயர்களும் வேண்டாம். அவர் விடுப்பில் இருந்தால் யார் செய்வார் என்பதை அடுத்த கட்டத்தில் எழுதுங்கள். வேறொரு துறையிலிருந்து தகவல் வர வேண்டுமென்றால், அந்தத் தகவலுக்குத் தனி வரியும், தனி நாளும், தனி மனிதரும் வேண்டும். ஜூலைக் குறிப்பில் "புரமோட்டர் குடும்பப் பட்டியல் உறுதிப்பாடு, 10.07.2025" என்று ஒரு வரியும் நிதித் துறையிலிருந்து ஒருவர் பெயரும் இருந்திருந்தால், ஜூன் மாதக் கடிதம் அந்த வாரமே வெளியே வந்திருக்கும்.

இது நம் நிறுவனத்தில் நடக்காத காரியமும் அல்ல. வருங்கால வைப்பு நிதிச் சந்தா ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் போய்ச் சேர்கிறது; பிடித்தம் செய்த வருமான வரி 7ஆம் தேதிக்குள் கட்டப்படுகிறது. அங்கே யார் செய்வது என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் ஊருக்குப் போனால் யார் செய்வது என்பதும் தெரியும். வைப்பு நிதித் தளத்தில் சலான் எண் உருவானதோடு வேலை முடிந்துவிடாது, வங்கியில் பணம் போனால்தான் முடியும் என்று அறிந்திருப்பதால், பணம் செலுத்திய ரசீதைக் கோப்பில் வைத்த பிறகே அவர் 'முடிந்தது' என்று எழுதுகிறார். குழுவின் அட்டவணையிலும் 'நடவடிக்கையில் உள்ளது' என்ற சொற்களை நீக்கிவிட்டு, ஒப்புகை எண்ணும் நேரமும் இருந்தால் மட்டுமே 'முடிந்தது' என்று ஏற்றுக்கொள்ளுங்கள். கோப்பை ஏற்றுவதும் அது ஏற்கப்படுவதும் ஒன்றல்ல என்பது, சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்ட கோப்பை இரவில் மீண்டும் தயாரித்தவர்கள் அனைவருக்கும் தெரியும்.

இன்னொன்றையும் பணிவோடு குறிப்பிட வேண்டும். ஜூலை 8ஆம் தேதிக் கூட்டத்தின் வரைவுக் குறிப்பு எங்கள் மேசைக்கு வந்தது ஆகஸ்ட் மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலோடு சேர்ந்துதான். இயக்குநர் குழு அமைத்த குழு என்பதால், வரைவை 15 நாட்களுக்குள் உறுப்பினர்களுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது செயலகத் தரநிலை. உறுப்பினர்கள் ஏழு நாட்களுக்குள் கருத்துச் சொல்லி, 30 நாட்களுக்குள் குறிப்பேட்டில் பதிவாக வேண்டும். அதைக் கடைப்பிடித்திருந்தாலும் ஜூலையில் உதவியிருக்காது. ஏனெனில் 15ஆம் நாள் ஜூலை 23, கடைசி நாளோ ஜூலை 21. குறிப்பு சட்டப்படி முழுமை பெற எடுக்கும் காலம் வேறு, வேலை செய்பவருக்குத் தகவல் தேவைப்படும் காலம் வேறு. கையெழுத்தான குறிப்பு வரும்போது வரட்டும். யார், எதை, எந்த நாளுக்குள் என்ற ஒரு பக்கப் பட்டியலை மட்டும் கூட்டம் முடிந்த மறுநாள் மாலைக்குள் சம்பந்தப்பட்டவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். தம் பெயர் ஒரு பட்டியலில் இருப்பதே தெரியாத ஒருவரிடம் எந்த நியாயத்தில் விளக்கம் கேட்பது?

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. செப்டம்பர் காலாண்டுக்கான பங்குடைமை விவரத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 21, செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய நாள் தீபாவளி. அதற்கும் முன்னே சனி, ஞாயிறு. அலுவலகத்தில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை மதியமே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்; பதிவாளர் அலுவலகத்தின் நிலையும் அதுவாகவே இருக்கும். எனவே அட்டவணையில் 21ஆம் தேதி என்று எழுதினால், நடைமுறையில் நமக்கு இருப்பது 17ஆம் தேதி வரைதான். நம் உள் கெடுவை 15ஆம் தேதி என்று வைத்து, பதிவாளர் தரவு 8ஆம் தேதிக்குள்ளும், புரமோட்டர் பட்டியல் உறுதிப்பாடு 6ஆம் தேதிக்குள்ளும் வர வேண்டும் என்று அடுத்த கூட்டத்திலேயே முடிவு செய்யும்படி வேண்டுகிறேன். நிர்வாகம் சார்ந்த ஒருங்கிணைந்த அறிக்கைக்கு அக்டோபர் 30 வரை நேரம் இருப்பதால், அதற்கு இத்தனை நெருக்கடி இல்லை.

அந்த மெமோவைத் திரும்பப் பெறுவதும், இயக்குநர் குழுவின் முன் வைக்கப்பட்ட விளக்கத்தைத் திருத்தி வைப்பதும் தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டவை. அவற்றை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டுகிறேன். அந்தக் கூட்டத்தின் குறிப்பில், அக்டோபர் 21க்கு எதிரே, தயவுசெய்து ஒரு பெயரை எழுதுங்கள். அது என் பெயராக இருந்தாலும் ஏற்கத் தயாராக இருக்கிறேன். குடும்பப் பட்டியலைத் தர வேண்டியவரின் பெயர் அதற்கு மேல் வரியில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நான் கேட்பது.

பணிவுடன்,
செயலகப் பிரிவு ஊழியர் ஒருவர்
செப்டம்பர் 2025