சந்தை மூடிய நாளுக்கு கேண்டில் எதற்கு? விலைத் தரவு விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தரவுப் பிரிவு பொறுப்பாளருக்கு,

வணக்கம். பெங்களூரிலிருந்து எழுதுகிறேன். 2025 ஏப்ரல் தினசரி ஃபைல் பற்றிய என் புகாருக்கு, "இண்டிகேட்டர் செட்டிங்கை மாற்றிப் பாருங்கள்" என்று பதில் அனுப்பியிருந்தீர்கள். செட்டிங்கில் கோளாறு இல்லை, ஐயா.

அந்த மாதம் 10, 14, 18 தேதிகளில் என்எஸ்இ விடுமுறை. உங்கள் ஃபைலில் மூன்று நாளுக்கும் விலை வரி இருக்கிறது; சார்ட்டில் அது ஒரு நாளின் கேண்டிலாக விழும். திறப்பு, உச்சம், தாழ்வு, முடிவு நான்கும் முந்தைய நாளின் முடிவு விலை, வால்யூம் பூஜ்யம். காலியிடத்தை நிரப்பிவிட்டீர்கள்.

இதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒரு பங்கின் 14 நாள் ஏடிஆர், அதாவது தினசரி விலை வீச்சின் சராசரி, 28 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வைல்டர் முறையில் பழைய மதிப்பை 13ஆல் பெருக்கி, இன்றைய வீச்சைக் கூட்டி, 14ஆல் வகுப்போம். நீங்கள் நிரப்பிய நாளின் வீச்சு பூஜ்யம். ஆக 28 இருந்தது 26 ஆகிவிடும். அதன் இருமடங்கு தூரத்தில், நஷ்டத்தோடு வெளியேறும் விலையான ஸ்டாப்லாஸை வைப்பவருக்கு 56 ரூபாய் தூரம் 52 ஆகச் சுருங்குகிறது. சந்தை அசையவே இல்லை, ஆனாலும் அடிபடும் இடம் 4 ரூபாய் பக்கத்தில் வந்துவிட்டது. மாதக் கடைசியில் பார்க்கும் 20 நாள் சராசரியில் உண்மையான வர்த்தக நாள் 17தான்.

வால்யூம் பூஜ்யமாக உள்ள வரிகளை நானே அழித்துக்கொள்கிறேன், சரி. உச்சமும் தாழ்வும் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து அழிக்க முடியாது. அன்றைய விலை வரம்பான சர்க்யூட்டில் பூட்டிய பங்கும் நாள் முழுக்க ஒரே விலையில் நிற்கும், அது நிஜ வர்த்தகம். ஆனால் நீங்கள் நீக்கிய நாளை நான் எங்கே போய்த் தேடுவது? 2025 பிப்ரவரி 1 சனிக்கிழமை, பட்ஜெட்டுக்காகச் சந்தை முழு நேரமும் நடந்தது. உங்கள் ஃபைலில் அது இல்லை. சனி என்றாலே நீக்கு என்று எழுதிவைத்திருக்கிறீர்கள் போல. 2023 நவம்பர் 1ஆம் தேதியையும் காணோம். கர்நாடக மாநில விடுமுறையான ராஜ்யோத்சவத்துக்கு உங்கள் அலுவலகம் மூடியிருக்கலாம்; மும்பையில் சந்தை திறந்துதான் இருந்தது. விடுமுறைப் பட்டியலை எக்ஸ்சேஞ்ச் சுற்றறிக்கையிலிருந்து எடுங்கள், உங்கள் எச்.ஆர். மின்னஞ்சலிலிருந்து வேண்டாம்.

தவறான டிக்கும், அதாவது பிழையாகப் பதிவான விலையும், அப்படியே வருகிறது. 1,412 ரூபாய்ப் பங்கின் தாழ்வு 141.20 என்று புள்ளி இடம் மாறி விழுந்தால், 28 ஆக இருந்த ஏடிஆர் ஒரே நாளில் 117ஐத் தாண்டும். அதற்குப் பிறகு தினமும் 28 ரூபாய் வீச்சுதான் என்றாலும், 14 வர்த்தக நாள் கழித்தும் அது 60க்குப் பக்கத்தில் நிற்கும். அவ்வளவு நாளும் ஸ்டாப்லாஸ் எங்கோ தொலைவில் கிடக்கும். இதைப் பிடிக்கப் பெரிய வித்தை வேண்டாம். எக்ஸ்சேஞ்ச் தினமும் வெளியிடும் விலைப் பட்டியலான பாவ்காப்பியில் உள்ள தாழ்வோடு ஒப்பிட்டாலே போதும். சந்தா வாங்கும் நாங்கள் வீட்டில் உட்கார்ந்து இதைச் செய்கிறோம். விற்கும் நீங்கள் செய்யக் கூடாதா?

தயவுசெய்து நிரப்பாதீர்கள். வர்த்தகம் நடந்த நாளுக்கு மட்டும் வரி கொடுங்கள். இல்லாததை இல்லை என்றே விடுங்கள். எதையாவது திருத்தினால், திருத்தியது என்று தனி நெடுவரிசையில் குறியுங்கள். ஏப்ரல் ஃபைலையும் விடுபட்ட அந்த இரண்டு நாள்களையும் சரிசெய்து அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருவன்