நூலகப் பதிவேடு: தாமத நாள் கணக்கில் திருத்தம்

வணக்கம். திரும்பி வராத புத்தகங்களுக்கெல்லாம் பதிவேடு தாமதம் 0 என்றே காட்டி வந்தது. திருப்பிய தேதிக் கட்டம் காலியாக இருந்ததால் கழித்தல் மைனஸில் போய், `MAX` அதை 0 ஆக்கிவிட்டது. கவனிக்காமல் விட்டது என் தவறு, மன்னியுங்கள். இனி கட்டம் காலி என்றால் இன்றைய தேதி வரை கணக்காகும்:

```
=MAX(0,IF(E2="",TODAY(),E2)-D2)
```

`D2` கெடு தேதி, அதாவது எடுத்த நாளோடு 14 நாள். ஜூன் 3-ல் எடுத்தால் கெடு ஜூன் 17. 26-ல் திருப்பினால் 9 நாள் தாமதம், நாளுக்கு 1 ரூபாய் வீதம் 9 ரூபாய்.

அப்புறம், பதிவு போடுபவர்கள் கவனிக்க: தேதி கட்டத்தின் இடது ஓரம் ஒட்டி நின்றால் அது வெறும் எழுத்தாகப் பதிவாகியிருக்கலாம். அழித்துவிட்டு 26/06/2025 என்ற மாதிரி மறுபடி அடியுங்கள்.