சிவப்பு மைப் பக்கத்தை அனுப்பும் பெற்றோர்களுக்கு

அல்சூரில் என்னிடம் பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பும் அப்பா அம்மாக்களுக்கு,

போன வாரம் இரவு ஒன்பது மணிக்கு ஒரு அம்மா வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார். மகனுடைய கணக்கு ஹோம்வொர்க், பக்கம் முழுக்க டீச்சரின் சிவப்பு மை. கூடவே ஒரு வார்த்தைகூட இல்லை. பையனுக்குத் தப்பை விளக்கச் சொல்கிறாரா, மார்க் எப்படிப் போட்டார்கள் என்று கேட்கிறாரா? தெரியாமல் நானே ஊகித்தேன்.

402-இலிருந்து 178-ஐக் கழிக்க வேண்டும். பையன் 376 என்று எழுதியிருந்தான். 631-இல் 258 போனால் 427 என்றிருந்தான். இது கவனக்குறைவு இல்லை. 2-இல் 8 போகாது என்றதும் திருப்பிப் போட்டு 8-இல் 2-ஐக் கழித்திருக்கிறான். ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிப்பதுதான் அவன் வழி. கடன் வாங்கத் தேவையில்லாத 965 − 342 சரியாக வந்திருந்ததே அதற்குச் சாட்சி.

அதனால் கடன் வாங்குவதை நிதானமாகச் சொல்லி ஆடியோ அனுப்பினேன். 402-இல் பத்துகள் இடத்தில் பூஜ்யம், அங்கே வாங்க ஒன்றுமில்லை. நூறுகளிடம் போக வேண்டும். 4 நூறு 3 ஆகும், வந்த 10 பத்தில் ஒன்றைக் கொடுத்தால் 9 மிஞ்சும், ஒன்றுகள் 12 ஆகும். விடை 224.

காலையில் அந்த அம்மா, "அது புரியுது மிஸ். கடைசிக் கணக்குல விடை சரியாத்தானே இருக்கு, ஏன் மூணுக்கு ஒண்ணு போட்டிருக்காங்க?" என்றார்.

96 ஆரஞ்சில் 51 விற்றால் மீதி எவ்வளவு என்பது அந்தக் கணக்கு. பையன் வெறும் 45 என்று எழுதியிருந்தான். டீச்சர் அதன் கீழே கோடிட்டு 1/3 போட்டிருந்தார். 96 − 51 என்று எழுதியதற்கு ஒன்று, செய்முறைக்கு ஒன்று, 'மீதி 45 ஆரஞ்சு' என்று முடித்ததற்கு ஒன்று எனப் பிரித்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் உறுதியாகச் சொல்லக்கூடியவர் அவர் மட்டுமே. பள்ளிக்குப் பள்ளி இது மாறும். டைரியில் எழுதிக் கேட்கச் சொன்னேன்.

எனக்கு மனசு கஷ்டமாகிப் போனது வேறு விஷயத்தில். என் ஆடியோவைக் கேட்ட பையன், சரியாகப் போட்டிருந்த 45-ஐயும் ரப்பரால் அழித்துவிட்டானாம்.

தயவுசெய்து போட்டோவோடு ஒரு வரி எழுதுங்கள். 'இரண்டாம் கணக்கு எங்கே தப்பு?' அல்லது 'கடைசிக் கணக்கில் மார்க் ஏன் குறைந்தது?' அவ்வளவு போதும். கேள்வியும் ஓரத்தில் இருக்கும் மார்க்கும் படத்தில் வரட்டும். முக்கியமாக, பிள்ளை எழுதியதை அழிக்க விடாதீர்கள். அந்தத் தப்பான 376 இல்லையென்றால், அவன் திருப்பிக் கழித்தான் என்பதை நான் கண்டுபிடிக்கவே முடியாது.

இப்படிக்கு,
உங்கள் டியூஷன் மிஸ்