முன்பணத்துக்கு வரி கேட்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஜிஎஸ்டி மதிப்பீட்டு அதிகாரிகளுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரியில் சிறு கிரானைட் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். 2023-24 கணக்கைப் பார்த்துவிட்டு நீங்கள் அனுப்பும் ஏ.எஸ்.எம்.டி-10 நோட்டீஸ்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. மார்ச் 31 இருப்புநிலைக் குறிப்பில் வாடிக்கையாளர் முன்பணம் நிற்கிறதே, அதற்கு ஏன் வரி கட்டவில்லை?

ஜிஎஸ்டி சட்டத்தின் 12-வது பிரிவை மட்டும் படித்தால் பில் தேதி, பணம் வந்த தேதி இரண்டில் எது முந்தியதோ அன்றே வரி என்றுதான் இருக்கும். ஆனால் 2017 நவம்பர் 15-ல் வந்த 66/2017 அறிவிக்கை, சரக்கைப் பொறுத்தவரை பணம் வந்த தேதியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. பில் போட்ட தேதி, இல்லாவிட்டால் போட்டிருக்க வேண்டிய கடைசித் தேதி, அதுதான் பொறுப்பு வரும் நாள். இது உங்களுக்குத் தெரியாததல்ல.

ஒரு பட்டறையின் கதையைச் சொல்கிறேன். தர்மபுரியில் வீடு கட்டுபவர் படிக்கட்டுக்கும் சமையல் மேடைக்கும் பாலிஷ் கல் கேட்டு, மார்ச்சில் வரியும் சேர்த்து 2,36,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார். அந்தப் பணம் அப்படியே கல் வாங்கப் போய்விட்டது. அறுத்து, பாலிஷ் போட்டு, மே மாதம் லாரி ஏறியது. அன்றே 5,00,000-க்கு பில், 18 சதவீதம் வரி 90,000. அந்த மாதக் கணக்கிலேயே முழுவதும் கட்டியாகிவிட்டது. இப்போது முன்பணத்துக்கு 36,000 தனியாகக் கட்டச் சொல்கிறது நோட்டீஸ். வட்டி வேறு.

அறிவிக்கையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் இந்தக் கணக்கு நிற்காது. மார்ச் வரிக்குக் கெடு ஏப்ரல் 20, மே வரிக்கு ஜூன் 20. இரண்டு மாதத் தாமதத்துக்கு வட்டி சுமார் 1,080 ரூபாய் கேட்கலாம். கட்டிய வரியையே மறுபடி கேட்க வழியில்லை.

பதில் எழுத அந்த முதலாளி பழைய லாரி ரசீதைத் தேடிக் குடோனைப் புரட்டினார். கல் கிளம்பிய தேதி, வண்டி எண், பில் எண் எல்லாம் இ-வே பில்லில் இருக்கின்றன. அது உங்கள் கணினியிலேயே இருக்கிறது. பார்க்கக் கூடாதா?

கல் பதிக்கும் கூலி ஒப்பந்தம் வேறு. அது சேவை, அதன் முன்பணத்துக்கு வரி உண்டு, கட்டுகிறோம். காம்போசிஷன் வியாபாரிகளுக்கும் இந்த அறிவிக்கை பொருந்தாது. பில் போடாமல் சரக்கை அனுப்பியவரைப் பிடியுங்கள், நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. அதை விட்டுவிட்டு, இருப்புநிலைக் குறிப்பில் ஒரு தொகை தெரிந்ததுமே எல்லோரையும் வரி ஏய்ப்பவராக நடத்துவது என்ன நியாயம்? சின்னப் பட்டறைக்காரர் பயந்து, கேட்டதைக் கட்டிவிட்டுப் போகிறார். எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முன்பணம் சரக்குக்கா, சேவைக்கா என்று முதலில் கேளுங்கள். சரக்குக்கு என்றால் அது கிளம்பிய தேதியையும் பில் தேதியையும் ஒப்பிட்டுவிட்டு நோட்டீஸ் அனுப்புங்கள். ஏற்கெனவே அனுப்பியவற்றில், பில்லையும் இ-வே பில்லையும் இணைத்து நாங்கள் தந்த பதில்களைப் படித்து, விளக்கத்தை ஏற்றதாக ஏ.எஸ்.எம்.டி-12 கொடுத்து முடித்துவையுங்கள்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரிக் கணக்கர் ஒருவர்